அணைந்த மத்தாப்புக் கம்பியும் அகல் வரிசையும்: செட்டிநாட்டு வீடுகளுக்கான ஒரு பாதுகாப்புப் படத்தொடர் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்கு அருகில் உள்ள ஓர் ஊரின் பெற்றோர் குழு, தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் சிறு பிள்ளைகளோடு ஊருக்கு வரும் குடும்பங்களுக்காக, கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் வகையிலான பாதுகாப்புப் படத்தொடர் ஒன்றைத் திருத்தி அமைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டது. அவர்களிடம் ஏற்கெனவே பத்து அட்டைகள் கொண்ட ஒரு வரைவு இருந்தது. அதில் எழுதப்பட்டிருந்தவை பெரும்பாலும் சரியான செய்திகளே. ஆயினும் அதைப் பார்த்தவர்கள் அதில் சொன்னபடி செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதைக் கண்டறிந்து, எட்டு அட்டைகள் கொண்ட புதிய தொடராக அது மாறியதை இங்கே எழுதுகிறேன். வாசகங்களை நான் எழுதினேன். தீக்காயப் பிரிவில் பணியாற்றிய செவிலியர் ஒருவர் மருத்துவச் செய்திகளைச் சரிபார்த்தார். உள்ளூர் ஓவியர் ஒருவர் படங்களை வரைந்தார்.

குழு இதைக் கேட்டதற்குக் காரணமாக இருந்தது, முந்தைய தீபாவளியன்று அவ்வூரின் ஒரு வீட்டில் நடந்த விபத்து. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று திண்ணையில் அமர்ந்து, அண்ணன் மத்தாப்பு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் எரிந்து முடிந்த கம்பியை வாசலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கப் போனான். குழந்தை திண்ணையிலிருந்து இறங்கி வெறுங்காலோடு ஓடி, அந்தக் கம்பியை மிதித்தது. அப்போது அங்கே வெடி எதுவும் வெடிக்கவில்லை, நெருப்பு என்று கண்ணுக்குத் தெரியக்கூடிய எதுவும் இல்லை. உள்ளங்காலில் கோடு போட்டது போன்ற நீண்ட, குறுகிய காயம். வீட்டில் இருந்தவர்கள் பதற்றத்தில் பற்பசையைத் தடவி, மேலே துணியைச் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே காயத்தின் ஆழத்தைப் பார்ப்பதற்கு முன், காய்ந்து ஒட்டியிருந்த பற்பசையைக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. சுட்டதைவிட அந்தக் கழுவலுக்கே குழந்தை அதிகமாக அழுதது என்று அதன் அம்மாவைப் பெற்ற ஆயா எங்களிடம் சொன்னார்.

பட்டாசு விபத்து என்றதும் நம் மனத்தில் வருவது அணுகுண்டும் ராக்கெட்டும்தான். வரைவில் இருந்த பத்து அட்டைகளில் ஆறு அவற்றைப் பற்றியே பேசின. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் யாரும் அணுகுண்டைக் குழந்தை கையில் கொடுப்பதில்லை. கொடுப்பது மத்தாப்பைத்தான், அதுவும் ஆபத்தில்லாதது என்று நம்பியே கொடுக்கிறார்கள். ஆகவே புதிய தொடரின் மையம் மத்தாப்பு என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

கம்பி ஏன் ஏமாற்றுகிறது

கம்பி மத்தாப்பு என்பது இரும்புக் கம்பியின் மேல் அலுமினியப் பொடி, இரும்புத் தூள், ஆக்சிஜன் தரும் உப்பு ஆகியவற்றைப் பசையோடு குழைத்துப் பூசிக் காய வைத்தது. எரியும்போது அதன் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில்தான். பொறி பறக்கும் வரை எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். பொறி நின்றதும் கம்பி சில நொடிகள் சிவந்திருந்து பிறகு கறுத்துவிடுகிறது. கறுத்ததைக் கண் ஆறியதாக எடுத்துக்கொள்கிறது. இரும்பு தன் நிறத்தை இழந்த பிறகும் தோலைச் சுடும் அளவு சூட்டைச் சிறிது நேரம் வைத்திருக்கும். மாலை இருட்டில் கறுத்த கம்பி தரையில் கிடப்பது தெரியாது. குழந்தைக்கோ, தெரிந்தாலும் அது எடுத்து விளையாட ஏற்ற ஒரு குச்சி. குழந்தைகளின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது என்பதால், அதே சூடு அவர்களிடம் விரைவாகவும் ஆழமாகவும் இறங்குகிறது.

வரைவில் இதற்கு ஒரே ஒரு வரி இருந்தது: “பயன்படுத்திய பட்டாசுகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்.” எங்கே போடுவது, எப்போது போடுவது, யார் போடுவது என்ற எதையும் அந்த வரி சொல்லவில்லை. படித்த எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள். மறுநாள் காலையில் வாசலைப் பெருக்குவதைப் பற்றித்தான் அது சொல்கிறது என்று ஒருவர் நினைத்துக்கொண்டார்.

வரைவை நடத்திப் பார்த்தது

ஓர் அட்டை புரிகிறதா என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ஆகவே நாங்கள் அப்படிக் கேட்கவில்லை. பகல் வெளிச்சத்தில், தீக்குச்சி எதுவும் இல்லாமல், கொளுத்தாத மத்தாப்புப் பெட்டி, எண்ணெய் ஊற்றாத அகல், காலி வாளிகள் ஆகியவற்றை ஒரு வீட்டின் முகப்பில் வைத்தோம். கைப்பேசியில் ஓர் அட்டையைக் காட்டி, “இதில் சொன்னதைச் செய்து காட்டுங்கள்” என்று மட்டும் கேட்டோம். விளக்கம் எதுவும் தரவில்லை. பேரப்பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் ஆச்சி ஒருவர், சென்னையிலிருந்து வந்திருந்த இளம் தாய் ஒருவர், தம்பி தங்கைகளுக்கு மத்தாப்புக் கொளுத்திக் கொடுக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆகியோர் செய்து காட்டினார்கள். தொடர் யாருக்காகவோ அவர்களுடைய கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்ததில்தான் எங்களுக்குப் பெரும்பாலான திருத்தங்கள் கிடைத்தன.

முதலில் ஆச்சி. தீக்காய முதலுதவி அட்டையில் பற்பசைக் குழாயின் படமும் அதன் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் இருந்தன. வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய படம் மங்கி, அந்தச் சிவப்புக் குறி குழாயின் சிவப்பு எழுத்துகளோடு கலந்துபோயிருந்தது. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “பேஸ்ட்டுப் போடச் சொல்றீக, அதானே? நாங்களும் அதத்தான் போடுவோம்” என்றார். தடுக்க வந்த அட்டை, அவருக்குத் தெரிந்த தவறான வழக்கத்தை உறுதிப்படுத்திவிட்டது. அந்த நிமிடத்தோடு, செய்யக்கூடாததைப் படமாக வரைவதில்லை என்று முடிவு செய்தோம். செய்ய வேண்டியதை மட்டும் படமாக வரைந்து, கூடாததை எழுத்தில் மட்டும் சொல்வது எங்கள் விதியாயிற்று. படம் நினைவில் நிற்கும், அதன் மேல் போட்ட குறி நிற்பதில்லை.

அடுத்தது இளம் தாய். இவரிடம் வெளிப்பட்டதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தந்தது. “அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளவும்” என்ற அட்டையைப் பார்த்து வாளியை வைத்தார். “பயன்படுத்திய பட்டாசுகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்” என்றதும் எரிந்த கம்பியாக எண்ணி ஒரு கம்பியை அந்த வாளியில் போட்டார். “சுட்டுவிட்டால் உடனே தண்ணீரில் காட்டவும்” என்றபோது, தம் பையனின் கையைப் பிடித்து அதே வாளிக்குள் முக்கினார். அட்டைகளின்படி அவர் செய்தது முற்றிலும் சரி. ஆனால் அந்த வாளியில் கம்பிகளும் கரிப்பொடியும் பட்டாசு மருந்தும் ஊறிக் கிடந்திருக்கும். தோல் உரிந்த காயத்துக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் என்று இரண்டு அட்டைகள் சொன்னதில், எந்தத் தண்ணீர் எதற்கு என்பதை எதுவும் சொல்லவில்லை. புதிய தொடரில் கம்பிக்கான வாளி எப்போதும் கறுப்பு நிறத்தில், வாசற்படிக்கு வெளியே வரையப்பட்டது. காயத்துக்கான தண்ணீர் எப்போதும் குழாயிலிருந்து விழுவதாகவே வரையப்பட்டது. எந்தப் படத்திலும் குழந்தையின் கை வாளிக்குள் இல்லை.

சிறுவன் செய்து காட்டியது வேறு. மத்தாப்பைக் கொளுத்து என்றதும் அவன் தரையில் இருந்த அகலை நோக்கிக் குனிந்தான். பின்னாலேயே வந்த அவன் தங்கையும் தன் கம்பியோடு குனிந்தாள். அவளது பட்டுப்பாவாடையின் விளிம்பு பக்கத்து அகலின் மேல் படர்ந்தது. வரைவு பட்டாசுக்குத் தனி அட்டைகளும் விளக்குக்குத் தனி அட்டைகளும் வைத்திருந்தது. பிள்ளைகளுக்கோ அகல்தான் தீப்பெட்டி. விளக்கும் மத்தாப்பும் சந்திக்கும் அந்த இடத்தைப் பற்றிப் பத்து அட்டைகளில் ஒன்றுகூடப் பேசவில்லை.

மத்தாப்பைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு செய்தி கிடைத்தது. சிறிய பிள்ளைக்குச் சிறிய மத்தாப்பு என்று எண்ணி எல்லோரும் பெட்டியிலிருந்து 7 செ.மீ. அளவையே எடுத்தார்கள். கம்பி குட்டையாக இருந்தால் பொறி விரலுக்கு அவ்வளவு அருகில் இருக்கிறது. மிக நீளமானதைக் கொடுத்தாலும் சிக்கல்தான். 30 செ.மீ. கம்பி எரிந்து முடிய நேரமாகும் என்பதால் கை சோர்ந்து தாழும், தாழ்ந்தால் நுனி பாவாடையைத் தேடிப் போகும். எனவே அளவைப் பற்றிய அறிவுரையைப் பண்டிகை நாளுக்கு முன், பட்டாசு வாங்கும் வாரத்திலேயே அனுப்ப வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

எட்டு அட்டைகளின் வரிசை

வரைவு, பட்டாசு வகைகளின்படி அமைந்திருந்தது. புஸ்வாணத்துக்கு ஒன்று, தரைச் சக்கரத்துக்கு ஒன்று, ராக்கெட்டுக்கு ஒன்று என்று கடைப் பட்டியல் போல இருந்தது. புதியதை மாலை நேரம் நகரும் வரிசையில் அமைத்தோம். பெட்டியைத் திறக்கும் முன், உடுத்தும்போது, கொளுத்தும்போது, அணைந்த பிறகு, விளக்கு வைக்கும்போது, சுட்டுவிட்டால் என்று அது செல்கிறது. தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் மட்டுமே பட்டாசு வெடிக்க அனுமதி என்பதால், அவசரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நெருங்கிவிடுகிறது. நேரம் முடிவதற்குள் கொளுத்திவிட வேண்டும் என்று ஒரே சமயத்தில் மூன்று நான்கு பிள்ளைகள் கம்பியோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் யாரும் கைப்பேசியைப் பார்க்கப் போவதில்லை. ஆகவே, முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியவை அனைத்தையும் முதல் மூன்று அட்டைகளுக்குள் கொண்டுவந்தோம்.

முதல் அட்டையில் வழக்கமாக வாழ்த்தும் தலைப்பும் மட்டுமே இருக்கும். பலர் அதற்கு மேல் தள்ளிப் பார்ப்பதில்லை. அதனால் எங்கள் முதல் அட்டையையே ஒரு செயலாக வைத்தோம்: “பெட்டியைத் திறக்கும் முன் வாசலில் ஒரு வாளித் தண்ணீர். எரிந்த கம்பி தரைக்குப் போகாது, வாளிக்குப் போகும்.” யாரேனும் இந்த ஓர் அட்டையை மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டாலும், மேலே சொன்ன மூன்று வயதுக் குழந்தைக்கு நேர்ந்தது அந்த வீட்டில் நேராது. மணல் வாளி போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். மணலில் செருகிய கம்பி ஆறுவதற்கு நேரமாகும், குழந்தை அதை உருவியும் எடுக்கலாம். தண்ணீரில் அது உடனே ஆறிவிடும். மணலை அகல் விளக்குப் பக்கத்துக்கு ஒதுக்கினோம்.

இரண்டாவது அட்டை கைகளைப் பற்றியது: “ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை கையில் மத்தாப்பு வேண்டாம். பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர் கையிலும் வேண்டாம்.” இரண்டாம் வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் செவிலியர். கைக்குழந்தையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையில் மத்தாப்பைக் காட்டும் அப்பச்சியை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். குழந்தை பளிச்சென்ற ஒளியைப் பிடிக்கக் கையை நீட்டும், அதன் முகமும் பொறிக்கு நேராக இருக்கும். மூன்றாவது அட்டை உடையைப் பற்றியது. புதுப்பாவாடையை அணிந்து சாமி கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்ட பிறகு, கொளுத்த இறங்கும்போது உடலை ஒட்டிய பருத்தி உடைக்கு மாற்றும்படி அது சொல்கிறது. பாலியெஸ்டர் கலந்த துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதே காரணம். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் பிள்ளைக்கும் காலணி வேண்டும் என்பதை அதே அட்டையில் பெரிய எழுத்தில் போட்டோம்.

நான்காவது, விளக்கும் மத்தாப்பும் சந்திக்கும் இடம். “அகலில் கொளுத்த வேண்டாம். பெரியவர் கையில் நீளமான ஊதுபத்தி. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, ஒரு மத்தாப்பு.” ஒரு பிள்ளையின் மத்தாப்பிலிருந்து இன்னொரு பிள்ளை பற்றவைப்பதையும், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடிப்பதையும் இந்தக் கடைசி வாக்கியமே தடுத்துவிடுகிறது என்பதால் அவற்றுக்குத் தனி அட்டை வைக்கவில்லை. ஐந்தாவது, முதல் அட்டையின் செயலை நடக்கும் நேரத்தில் காட்டுகிறது. கம்பி அணைந்ததும் பிள்ளை நேராக வாளிக்கு நடந்து, சுட்ட நுனி கீழே இருக்கும்படி போடுகிறது, அதன் பிறகுதான் அடுத்ததைப் பெறுகிறது. அடுத்த மத்தாப்பைக் கொடுக்கும் பெரியவர் வாளியின் பக்கத்திலேயே நிற்பதாக ஓவியர் வரைந்தார். இது அவருடைய யோசனை. பிள்ளைகள் வாளியை மறந்தாலும் அடுத்த மத்தாப்பை மறக்க மாட்டார்கள் அல்லவா?

அகல் வரிசை

ஆறாவது அட்டைக்காகவே இந்த வீடுகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து நடு முற்றமான வளவு வரை ஒரே நேர்க்கோட்டில் வாசல்கள் அமைந்திருக்கும். திருக்கார்த்திகையன்று வாசற்படி, திண்ணை விளிம்பு, வளவைச் சுற்றிய தூண்களின் அடி என்று அகல்களை வரிசையாக வைக்கிறார்கள். நேராகத் திறந்திருக்கும் வாசல்கள் வழியே காற்று இழுத்துக்கொண்டு போகும், சுடர் ஒரு பக்கமாகச் சாயும். தரையோ ஆத்தங்குடிக் கல். வழவழப்பான அந்தத் தரையில் நாலு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் ஓடி வரும் பிள்ளையின் கால் வழுக்கும், வழுக்கினால் விழுவது அகல் வரிசையின் மேல்தான். ஆண்டு முழுவதும் பூட்டியிருந்து பண்டிகைக்காகத் திறந்த வீடு என்றால், எந்த மூலையில் என்ன இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பழகியும் இருக்காது.

விளக்கை மேலே வையுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆச்சி அதற்கு உடன்படவில்லை. “வாசப்படியில விளக்கு இல்லாமக் கார்த்திகையா? அது ஆகாது, தாயி” என்று குழுவின் பெண்ணிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நடக்காத அறிவுரையை அட்டையில் எழுதினால், நடக்கக்கூடிய மற்ற ஏழும் சேர்ந்து மதிப்பிழக்கும். பேசிப் பேசி எட்டிய முடிவு இது: படியில் விளக்கு இருக்கட்டும், ஆனால் படியின் ஒரு பக்கம் மட்டும் விளக்கு, மறுபக்கம் முழுவதும் நடப்பதற்கு. தவழும் குழந்தையும் நடை பழகும் குழந்தையும் உள்ள வீட்டில், வளவுத் தரையில் வைக்கும் அகல்களை ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி அதன் மேல் வைக்க வேண்டும். மணல் அகலை அசையாமல் பிடித்துக்கொள்ளும், கசியும் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், தட்டிவிட்டாலும் எரியும் எண்ணெய் தரையில் ஓடாது. குழந்தை தூங்கப் போகும் நேரம் வந்தால் தாம்பாளத்தோடு தூக்கி மேலே வைத்துவிடலாம்.

புது அகலைப் பற்றி ஆச்சி சொன்ன ஒன்றை அப்படியே சேர்த்துக்கொண்டோம். மண் அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைத்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். ஊறாத அகல் எண்ணெயை உறிஞ்சி வெளிப்புறமும் கசிய விடும், விளிம்பெல்லாம் எண்ணெய் படிந்தால் திரி நுனியில் இருக்க வேண்டிய சுடர் விளிம்பிலும் பற்றிக்கொள்ளும். எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்கில் ஊற்றாமல், குளிர வைத்து ஊற்றி மறுபடி ஏற்ற வேண்டும். எண்ணெய் பற்றிப் பெரிதாக எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் பட்டதும் எரியும் எண்ணெய் தெறித்துப் பரவும். ஒரு கைப்பிடி மணலைப் போட வேண்டும், அல்லது ஒரு சட்டியைக் கவிழ்த்து மூட வேண்டும். வாசலுக்குத் தண்ணீர் வாளி, விளக்குக்கு மணல் என்று முதல் அட்டையிலிருந்தே பிரித்து வைத்தது இங்கே உதவியது.

சூடத்தையும் இந்த அட்டையின் அடியில் ஒரு வரியில் சேர்த்தோம். கற்கண்டு போலத் தெரியும் சூடத்தைச் சிறு குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும், சிறிய அளவே ஆபத்து. வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூசைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போகும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு.

பிள்ளையார் நோன்பை இந்தத் தொடரில் சேர்க்க வேண்டாம் என்று விட்டோம். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து வரும் அந்நோன்பில், நகரத்தார் வீடுகளில் மாவில் திரியிட்டு ஏற்றிய இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். அது வேறு மாதம், வேறு செயல், வீட்டுக்கு வீடு வேறு முறை. மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அதை எப்படிக் கொடுப்பது என்பதை அந்தந்த வீட்டு மூத்தவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் எழுத முடியும்.

இருபது நிமிடத் தண்ணீர்

ஏழாவது அட்டை தொடரில் மிகக் கடினமானது. சுட்ட இடத்தை இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும் என்பது இன்று மருத்துவர்கள் பரவலாகச் சொல்வது. அந்த வரியைப் படித்தவர்கள் ஒரு நிமிடம்கூட முழுதாகக் காட்டவில்லை. குழந்தை அழும்போது ஒரு நிமிடமே நீண்டு தெரிகிறது, எரிச்சல் சற்று அடங்கியதும் போதும் என்று தோன்றுகிறது. தோலின் மேற்பரப்பு ஆறிய பிறகும் அடியில் இறங்கிய சூடு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், அதை எடுக்கத்தான் இந்த நேரம். ஆகவே அட்டையில் கடிகாரப் படத்துக்குப் பதிலாக, கைப்பேசியில் 20:00 என்று ஓடும் நேரங்காட்டியை வரைந்து, “நேரங்காட்டியை ஓடவிட்டுப் பிறகு குழாயைத் திறங்கள்” என்று எழுதினோம்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று குழுவினர் கேட்டது நியாயமான கேள்வி. மெல்லிய தாரையாக நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் விழுந்தால் இருபது நிமிடத்துக்கு 40 லிட்டர், அதாவது இரண்டு மூன்று வாளி. எனவே பண்டிகையன்று மாலை, மேல்தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையென்றால் குளியலறையில் மூன்று வாளி சுத்தமான தண்ணீரை மூடி வைக்கவும், செம்பால் மெதுவாக ஊற்றவும் சொன்னோம். பனிக்கட்டி கூடாது. தோலை அது மேலும் கெடுக்கும். குழந்தை சிறியதாக இருந்தால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் உடல் குளிர்ந்துவிடும். வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டினால் பலன் உண்டு என்பதையும் எழுதினோம். பற்பசை, மை, மஞ்சள், எண்ணெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம் என்பது கடைசி வரியில் வெறும் எழுத்தாக மட்டும் நின்றது.

எட்டாவது, மருத்துவமனைக்கு எப்போது என்பது. குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, கால், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் எந்த அளவுக் காயமும், வெளுத்தோ கருகியோ தெரியும் காயம் ஆகியவற்றுக்கு உடனே போக வேண்டும், 108 அழைக்கலாம். வலிக்கவில்லை என்றால் லேசான காயம் என்று எண்ணக் கூடாது. ஆழமாகச் சுட்ட இடத்தில் வலி குறைவாகவே இருக்கும். கண்ணில் பொறி பட்டால் தேய்க்காமல், கழுவாமல், அழுத்தாமல், காகிதக் குவளையின் அடிப்பாகத்தைக் கண்ணைச் சுற்றிய எலும்பின் மேல் படும்படி மூடிக்கொண்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அனுப்பிய விதமும் மறுநாள் காலை அட்டையும்

இன்ஸ்டாகிராமில் அட்டைகள் வரிசை மாறாமல் நிற்கும். ஊரின் குடும்பக் குழுக்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. அங்கே ஒருவர் தமக்குப் பிடித்த ஓர் அட்டையை மட்டும் எடுத்து அனுப்புவார், வரிசை குலைந்துவிடும். “முந்தைய அட்டையில் சொன்ன வாளியில்” என்று எழுதினால் தனியே போகும் அட்டைக்குப் பொருள் இல்லாமல் போகும். ஆகவே ஒவ்வொரு அட்டையும் தன்னளவில் முழுமையாக இருக்கும்படி எழுதினோம். 1080க்கு 1350 பிக்சல் என்ற அளவில், வெளிர் பின்புலத்தில் கறுப்பு எழுத்து. வரைவில் இருந்த இரவு வானப் பின்புலமும் மஞ்சள் எழுத்தும் பார்க்க அழகாக இருந்தன என்றாலும், படம் மங்கும்போது முதலில் காணாமல் போவது தமிழ் எழுத்தின் புள்ளியும் கொம்பும்தான். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்காக, அட்டைகளை ஆச்சியே தம் குரலில் படித்த ஒலிப்பதிவு ஒன்றும் உடன் சென்றது. அட்டைகளைவிட அந்தக் குரலே அதிகம் கைமாறியதாகக் குழுவினர் கூறினர்.

தொடரோடு சேராத ஓர் அட்டை தனியே தயாரிக்கப்பட்டது. தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில், பெரியவர்கள் எழுவதற்கு முன்பே பிள்ளைகள் தெருவில் இறங்கி, வெடிக்காமல் கிடக்கும் பிஜிலியையும் ஓலை வெடியையும் பொறுக்குவார்கள். திரி போனவற்றைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டி ஒன்றாகக் கொளுத்துவார்கள். அது வெடிக்காமல் ஒரே வீச்சில் குப்பென்று எரியும், குனிந்து பார்க்கும் முகத்தையும் கையையும் சுடும். இதைப் பண்டிகைக்கு முன் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே, பண்டிகை இரவு முடிந்ததும், “தூங்கும் முன் வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள், வெடிக்காததை வாளித் தண்ணீரில் ஊற வையுங்கள்” என்று இந்த ஒற்றை அட்டை மட்டும் இரவு எட்டரை மணிக்குப் போனது.

பலனும் எல்லையும்

எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற எண்ணை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. குழுவின் பெண்கள் பண்டிகை மாலையில் தங்கள் தெருவில் நடந்து, வாசலில் வாளி இருக்கிறதா, கம்பி தரையில் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். வாளி வைத்த வீடுகள் கணிசமாக இருந்தன. வாளி வைத்தும் கம்பிகள் தரையில் கிடந்த வீடுகளும் இருந்தன. அங்கெல்லாம் வாளி படிக்கு அருகிலும் பிள்ளைகள் தெரு நடுவிலும் இருந்தார்கள். வாளி பிள்ளைகள் நிற்கும் இடத்திலிருந்து நாலு எட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதை முதல் அட்டையின் அடுத்த பதிப்பில் சேர்த்திருக்கிறோம். உடை மாற்றும் அறிவுரையை ஏறக்குறைய யாரும் பின்பற்றவில்லை. புதுத்துணியைப் போட்டுக்கொண்டு வெடிப்பதுதான் தீபாவளி என்று பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். அதற்கு எங்களிடம் இன்னும் நல்ல விடை இல்லை. பாவாடையின் விளிம்பை இடுப்பில் தூக்கிச் செருகி, உள்ளே பருத்திக் கால்சட்டை போடும்படி ஒரு தாய் செய்ததைப் பார்த்தோம், அதை வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அண்டை வீட்டிலிருந்து சாய்ந்து வரும் ராக்கெட்டை இந்தத் தொடரால் தடுக்க முடியாது. குடும்பக் குழுவில் இல்லாத, பதின்ம வயதுப் பையன்களின் கைகளையும் இது எட்டாது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கே கண்ணில் அடிபடுவதும் உண்டு என்பதால், பையன்களுக்கென வேறு வாசகத்தோடு வேறு ஒரு தொடர் வேண்டும் என்று செவிலியர் வற்புறுத்துகிறார். அதைச் செய்து காட்டும் சோதனைக்கு, தங்கையோடு அகலை நோக்கிக் குனிந்த அந்தச் சிறுவனையே முதலில் அழைப்பதாக இருக்கிறோம்.